ஜூன் 1 முதல் தேயிலை ஏற்றும் நேரம்: லொறிக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

ஹட்டனுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தேயிலைக் களஞ்சியத்தில், கொழும்புக்குப் போகும் லோட் ஏற்றும் நேரம் ஜூன் 1ஆம் திகதி முதல் மாறுகிறது. கேட்டில் ஒட்டியிருக்கும் அறிவித்தல் ஒரே பக்கம்தான். ஆனால் அதை ஒட்டிய நாளிலிருந்து டோக்கன் ஜன்னலிலும் போனிலும் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். லொறி முதலாளிமார் தயவுசெய்து சாரதிக்கும் கிளீனருக்கும் இதை அனுப்பி வையுங்கள். புக்கிங் செய்வது நீங்கள். கேட்டில் நின்று பேச்சு வாங்குவது அவர்கள்.

மிஸ், சுருக்கமா சொல்லுங்க, என்னதான் மாறியிருக்கு?

இதுவரை காலை 8 மணியிலிருந்து பின்னேரம் 3 மணி வரை யார் முதலில் வந்தாலும் வந்த வரிசையில் ஏற்றினோம். இனி வரிசை இல்லை, முறை. ஒரு நாளுக்கு மூன்று முறை: காலை 5 மணி, 7 மணி, 9 மணி. எங்களிடம் ஏற்றும் மேடை இரண்டு. ஆகவே ஒரு முறைக்கு இரண்டு லொறி, ஒரு நாளைக்கு ஆறு லொறி.

இரண்டு கடைசி நேரங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். காலை 10.30க்குப் பிறகு வரும் எந்தக் கொழும்பு லொறிக்கும் அன்று டோக்கன் கிடையாது. பகல் 12 மணிக்குப் பிறகு லோட் ஏற்றிய எந்த லொறியும் வெளிக்கேட்டைத் தாண்டாது.

9 மணின்னா கேட்டுக்கு வர்ற நேரமா, ஏத்தத் தொடங்குற நேரமா?

டோக்கன் ஜன்னலில் காகிதத்தோடு நிற்கிற நேரம். லொறி வளவுக்குள் வந்து நின்றிருக்க வேண்டும். சாரதியின் அடையாள அட்டை, லைசன்ஸ், வாகனத்தின் காப்புறுதி, முதல் நாள் நாங்கள் அனுப்பிய இன்வொய்ஸ் பட்டியல் எல்லாம் கையில் இருக்க வேண்டும். "லொறி கீழ டீக்கடைகிட்ட நிக்குது, நான் முன்னாடி நடந்து வந்துட்டேன்" என்பது வந்ததாகக் கணக்கில்லை.

அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வரும் பதில்களுக்கு இந்தக் கணக்குத் தேவைப்படும். லொறியின் பெட்டியைச் சோதிக்க 15 நிமிடம். 200 சாக்கு, அதாவது சாக்கு 50 கிலோ என்றால் 10 டொன், எண்ணி ஏற்ற ஒன்றரை மணித்தியாலம். சீல் வைத்து அனுப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க 20 நிமிடம். மொத்தம் 2 மணி 5 நிமிடம். 9 மணி லொறி 11.05க்கு வெளியே போகிறது.

இவ்வளவு காலமா பின்னேரம் மூணு மணிக்கு வந்தாலும் ஏத்தினீங்களே. இப்ப மட்டும் என்ன?

மூன்று மணிக்கு வந்த லொறி ஐந்து மணி தாண்டித்தான் வெளியே போனது. வட்டவளையில் மூடுபனி, கினிகத்தேனை இறக்கத்தில் மழை, கித்துல்கல வளைவுகளில் இருட்டு. பத்து டொன் பாரத்தோடு தாழ்ந்த கியரில் இறங்கும் லொறிக்கு இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்று சாரதிமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நேரே அடிப்பது மலையின் இந்தப் பக்கத்தில்தான். அது முடிந்ததும் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வந்துவிடும்.

இன்னொரு காரணம் கொழும்பில் இருக்கிறது. நாங்கள் அனுப்பும், தேயிலையை ஏலத்தில் விற்கும் புரோக்கர்களின் ஸ்டோர்களில் பின்னேரம் 3.30க்குப் பிறகு லொறியை உள்ளே எடுப்பதில்லை. இங்கிருந்து கொழும்பு சுமார் 130 கிலோமீற்றர். லோட் லொறிக்கு நாங்கள் போடும் கணக்கு ஐந்தரை மணித்தியாலம். பின்னேரம் ஏற்றிய லோட் எப்படியும் அடுத்த நாள்தான் இறங்கியது. அப்படியிருக்க எதற்கு ராத்திரியில் மலை இறங்க வேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி.

மழையில் ஏற்றுவதும் ஒரு பிரச்சினை. மேடையின் கூரை நீளமான லொறிக்குப் போதாது, பின்பக்கம் வெளியேதான் நிற்கும். மூன்று சதவீதம் போல ஈரம் மட்டும் விட்டுக் காயவைத்துச் சாக்கில் கட்டிய தூள் பக்கத்தில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். சாக்கின் வெளித்தாள் நனைந்தாலே புரோக்கர் ஸ்டோரில் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள்.

மூணுல எந்த முறை எடுத்தா எனக்கு நல்லது?

5 மணி முறை 7.05க்கு வெளியேறி, பகல் பன்னிரண்டரை போல கொழும்பு சேரும். 7 மணி முறை 9.05க்கு வெளியேறி, இரண்டரைக்கு முன்பின் சேரும். இந்த இரண்டும் அன்றே இறக்கிவிடலாம். ஆனால் 7 மணி முறைக்குக் கையில் மிச்சம் இருப்பது ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. அவிசாவளையில் சாப்பாட்டுக்கு அதிக நேரம் நின்றாலே போய்விடும்.

9 மணி முறை அன்று இறங்காது. இது தெரிந்தே வைத்த முறை. பகல் வெளிச்சத்தில் மலை இறங்கி, சமதரையில் இரவு தங்கி, மறுநாள் காலை ஸ்டோர் திறந்ததும் இறக்குவதற்கு. மேலே விடியற்காலையில் வந்து சேர முடியாத, தூரத்திலிருந்து வரும் லொறிகளுக்கு இதுதான் பொருத்தம். இரவுத் தரிப்புக்கு உரிய தொகை இந்த முறையின் வாடகையில் சேர்க்கப்படும். மற்ற இரண்டு முறைக்கும் அது கிடையாது.

புக்கிங் எப்ப பண்ணணும்? போன்ல சொன்னா போதுமா?

முதல் நாள் பின்னேரம் 3 மணிக்குள். போனில் சொல்லலாம், ஆனால் லொறி இலக்கமும் சாரதியின் பெயரும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வர வேண்டும். எழுத்தில் வராத புக்கிங் இல்லாத புக்கிங். 4.30க்கு இன்வொய்ஸ் பட்டியலை அனுப்புவோம்: எந்தத் தோட்டம், எந்தத் தரம், எத்தனை சாக்கு, எந்த ஸ்டோர் என்று அதில் இருக்கும். லொறி பழுதானாலோ வேறு ஹயர் கிடைத்தாலோ மாலை 6 மணிக்குள் சொல்லிவிடுங்கள், எந்தப் பிந்திய பதிவும் விழாது. 6 மணிக்குப் பிறகு லொறியை மாற்றலாம், முறையைக் கைவிட முடியாது.

விடிய 5 மணிக்கு வரச் சொல்றீங்க. சாரதி எப்பத்தான் தூங்குறது?

நியாயமான கேள்வி. இதற்காகவே முதல் நாள் பின்னேரம் 5 மணியிலிருந்து இரவு 9 மணி வரை கேட் திறந்திருக்கும். வெறும் லொறியோடு வந்து வளவில் நிறுத்திவிட்டு, டோக்கன் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் அறையில் சாரதியும் கிளீனரும் படுக்கலாம். சுடுதண்ணீரும் கழிப்பறையும் உண்டு. கம்பளி கொண்டுவாருங்கள், இங்கே குளிர் தெரியும்தானே.

நடுராத்திரியில் கொழும்பிலிருந்து கிளம்பி ஐந்து மணிக்கு நேரே வந்து நிற்கும் லொறிக்கு 5 மணி முறை தரமாட்டோம், புக்கிங் இருந்தாலும் சரி. இரவு 9 மணிப் பதிவில் இலக்கம் இருக்கும் லொறிக்கும், ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்தில் தங்கும் லொறிக்கும் மட்டும்தான் அந்த முறை. இரவெல்லாம் ஏறி வந்தவர் உடனே பாரத்தோடு இறங்குவதை நாங்கள் விரும்பவில்லை. அப்படி வந்தவருக்கு 9 மணி முறையில் இடம் இருந்தால் மாற்றித் தருவோம், அதுவரை அவர் தூங்கட்டும்.

பெட்டி நல்லா காய்ஞ்சிருக்குன்னு சொன்னேன், அப்பவும் நிப்பாட்டிட்டாங்க. எப்படித்தான் பார்க்குறீங்க?

தரையைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பீர்கள். நாங்கள் கூரையைப் பார்க்கிறோம். இரவு முழுக்கக் குளிரில் நின்ற தகரப் பெட்டியின் உள்கூரையில் விடியற்காலையில் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். வெளிச்சம் போதாவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கையை வைத்து இழுத்தால் தெரியும். அப்படியே ஏற்றினால் கினிகத்தேனை தாண்டி வெயில் ஏறும்போது அந்தத் தண்ணீர் மேல்வரிசைச் சாக்கில் சொட்டும். அதனால் 5 மணி முறைக்கு வருபவர்கள் இரவில் பின்கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள், காலையில் காய்ந்த துணியால் கூரையைத் துடைத்துவிட்டு ஜன்னலுக்கு வாருங்கள். துணி இல்லாவிட்டால் நாங்கள் தருவோம், ஆனால் துடைக்கும் நேரம் உங்கள் கணக்கில்.

அடுத்தது மணம். போகும்போது தேயிலை, வரும்போது வெங்காயம், கருவாடு, உரம் என்று ஓடும் லொறிகள் உண்டு, அது உங்கள் பிழைப்பு, குறை சொல்லவில்லை. ஆனால் தேயிலை மணத்தையும் ஈரத்தைப் போலவே இழுக்கும். கழுவிவிட்டோம் என்பார்கள். கழுவிய ஈரமும் சேர்ந்து இன்னும் மோசமாக இருக்கும். கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து மூக்கால் பார்ப்பதுதான் எங்கள் சோதனை. படங்கு போடும் திறந்த லொறிக்கு, படங்கையும் முகர்ந்து பார்ப்போம். டீசல் பட்ட படங்கு என்றால் ஏற்ற மாட்டோம். இப்படித் திருப்பப்பட்டால் வராத முறையாகவே பதிவாகும்.

ஒரு பத்து நிமிஷம் பிந்தினா என்ன செய்வீங்க?

ஒன்றும் செய்யமாட்டோம். ஒவ்வொரு முறைக்கும் 15 நிமிடம் சலுகை இருக்கிறது. 9.15 வரை வந்தால் நேரத்துக்கு வந்ததுதான். 9.16க்கு உங்கள் மேடை காத்திருப்பு லொறிக்குப் போய்விடும். வளவில் தினமும் புக்கிங் இல்லாமல், கிடைத்தால் ஏற்றுவோம் என்று ஒன்றிரண்டு லொறி நிற்கும். அவர்களுக்கும் இதே வாடகைதான்.

காத்திருப்பு லொறி எதுவும் இல்லையென்றால் மேடை உங்களுக்கே. ஆனால் பிந்திய பதிவு விழும், 12 மணிக் கேட்டும் உங்களுக்காக நகராது. கேட்டில் உள்ள மணிக்கூடுதான் கணக்கு. உங்கள் போனில் என்ன காட்டுகிறது என்பதில் தகராறு வேண்டாம்.

நான் ஒரு மணித்தியாலத்துக்கு மேல பிந்திட்டேன். பாதி லோட் ஏத்தி அனுப்பினா மீதி வாடகை கெடைக்குமா?

கிடைக்காது. ஏன் என்று ஒரு கணக்கோடு சொல்கிறேன். புதன்கிழமை 9 மணி முறை, 200 சாக்கு. அதில் மூன்று இன்வொய்ஸ், அதாவது தரம் பிரித்த மூன்று தொகுதி: பி.ஓ.பி. 80 சாக்கு, பி.ஓ.பி.எஃப். 100 சாக்கு, டஸ்ட் 20 சாக்கு. லொறி வந்தது 10.10க்கு. காத்திருப்பு லொறி இல்லை, மேடை சும்மா இருக்கிறது. முழு லோட் ஏற்றினால் இரண்டாவது பதிலில் சொன்ன 2 மணி 5 நிமிடம் கூட்டுங்கள்: 12.15. கேட் பூட்டியிருக்கும். ஆகவே முழு லோட் கிடையாது.

அப்போது எதை விடுவது? ஒரு இன்வொய்ஸைப் பாதியாகப் பிரிக்க மாட்டோம். ஒரே இன்வொய்ஸின் சாக்குகள் இரண்டு நாளில் இரண்டு லொறியில் போனால், ஸ்டோரில் எண்ணிக்கை சேரும் வரை அந்த முழு இன்வொய்ஸும் ஓரமாகக் கிடக்கும். முழு இன்வொய்ஸாகவே தெரிவு செய்ய வேண்டும். 80ஐயும் 100ஐயும் சேர்த்தால் ஏற்ற மட்டும் 81 நிமிடம், சோதனையும் சீலும் சேர்த்து 12.06. ஆறு நிமிடம்தான், ஆனாலும் முடியாது. 100ஐயும் 20ஐயும் சேர்த்தால் 54 நிமிடம், 11.39க்கு வெளியே போகலாம். 80ஐயும் 20ஐயும் சேர்த்தாலும் போகலாம். இரண்டில் எது என்பதைச் சாரதி தீர்மானிப்பதில்லை. எந்த இன்வொய்ஸுக்குக் கெட்டலொக் திகதி, அதாவது ஏலப் பட்டியலை மூடும் நாள், கிட்ட இருக்கிறதோ அது போகும். இந்த உதாரணத்தில் பி.ஓ.பி.எஃப்.க்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் டஸ்டும் ஏறும். பி.ஓ.பி. 80 சாக்கு மறுநாள் வேறு லொறியில்.

உங்களுக்கு 120 சாக்குக்கான வாடகை மட்டும். டீசலும் சாரதியின் சம்பளமும் 200 சாக்குக்கு உள்ளதுதான் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த 80 சாக்குக்கு மறுநாள் இன்னொரு லொறிக்கு நாங்கள் கொடுக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்.

ஒரு நாள் பிந்தினா அப்படி என்ன நட்டம்? தேயிலை கெட்டா போகுது?

ஒரு நாளில் தேயிலை கெடாது. ஏல முறை தவறிவிடும். கொழும்புத் தேயிலை ஏலம் வாரந்தோறும் நடக்கிறது, பொதுவாகச் செவ்வாயும் புதனும். 2020இல் கொரோனா நேரத்தில் அது கணினி வழிக்கு மாறியது, ஆனால் தேயிலையைக் கணினியில் ருசி பார்க்க முடியாது. ஸ்டோருக்கு வந்த சாக்கிலிருந்து புரோக்கர் மாதிரி எடுத்து, வாங்குபவர்களுக்கு அனுப்பி, அவர்கள் ருசி பார்த்து விலை தீர்மானிக்க நாள் வேண்டும். அதனால் ஒவ்வொரு ஏலத்துக்கும் ஒரு கெட்டலொக், அந்தக் கெட்டலொக்கை மூட ஒரு நாள். அதற்குள் ஸ்டோருக்குள் வராத இன்வொய்ஸ் அடுத்த வார ஏலத்துக்குத்தான்.

உங்களுக்கு ஒரு நாள், தோட்டத்துக்கு ஒரு வாரம். அந்தப் பணத்தை நம்பித்தான் தொழிற்சாலை கொழுந்துக்காரருக்கும் விறகுக்காரருக்கும் காசு கொடுக்கிறது. நாங்கள் அனுப்பும் பட்டியலில் சில வரிகளுக்கு எதிரே சிவப்பில் ஒரு திகதி இருக்கும். அதுதான் கெட்டலொக் திகதி. சிவப்புத் திகதி உள்ள லோட்டை 9 மணி முறைக்குக் கேட்காதீர்கள், அந்தத் திகதி மறுநாளாக இருந்தால் தரவும் மாட்டோம்.

மூணு தடவை பிந்தினா லொறிய நிப்பாட்டுவீங்களாமே, உண்மையா?

உண்மை, ஆனால் கேள்விப்பட்ட அளவுக்குப் பயங்கரமில்லை. ஒரு மாதத்தில் மூன்று பிந்திய பதிவு விழுந்தால், அந்த லொறிக்கு அடுத்த இரண்டு வாரம் முன்பதிவு கிடையாது. காத்திருப்பு லொறியாக வந்து நிற்கலாம், இடம் கிடைத்தால் ஏற்றலாம். சொல்லாமல் வராமல் விட்ட ஒரு முறை, இரண்டு பிந்திய பதிவுக்குச் சமம். மாதம் முடிந்தால் பதிவு அழிந்துவிடும். பதிவு லொறி இலக்கத்துக்கு, முதலாளிக்கு அல்ல. ஐந்து லொறி வைத்திருப்பவரின் ஒரு லொறி பிந்தினால் மற்ற நான்கும் ஓடும்.

நான் நேரத்துக்கு வந்தும் உங்க ஆளுங்க ஏத்தாம நின்னா?

அப்போது நாங்கள் கொடுக்க வேண்டும். நாட்டாமிமார் வரவில்லை, இன்வொய்ஸ் தயாரில்லை, தராசு பழுது, எதுவாக இருந்தாலும் அது எங்கள் குற்றம். டோக்கனில் அச்சான நேரத்திலிருந்து இரண்டரை மணித்தியாலம் தாண்டினால், ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒப்பந்தத்தில் உள்ள தரிப்புக் கட்டணம் சேரும். அதை வாங்க ஒன்று மட்டும் செய்யுங்கள்: வெளியேறும்போது அனுப்புப் பத்திரத்தில் "வெளியேறிய நேரம்" என்ற இடத்தை நிரப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வந்து கேட்டால், எங்கள் கணக்குக் காரியாலயம் நம்பாது.

எங்கள் தாமதத்தால் 7 மணி லொறி 3.30ஐத் தவறவிட்டால், அதற்கும் இரவுத் தரிப்புத் தொகை உண்டு.

ஒரே லொறில ரெண்டு ஸ்டோருக்கு எறக்கணும்னா எந்த முறை?

5 மணி மட்டும். முதல் ஸ்டோரில் இறக்கவே ஒரு மணித்தியாலம் போய்விடும், 7 மணி முறையில் இரண்டாவது ஸ்டோர் தப்பாமல் தவறும். முதலில் இறக்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும் என்பதால் ஸ்டோர் வரிசையை புக்கிங்கிலேயே சொல்லுங்கள். மேடையில் வந்து மாற்றச் சொன்னால் மாற்றித் தருவோம், ஆனால் நேரம் உங்கள் கணக்கு.

நாங்க தோட்டத்திலிருந்து தூள் கொண்டாந்து எறக்குறவங்க. எங்களுக்கும் விடியக்காலையா?

இல்லை, உங்களுக்குப் பின்னேரம். காலையில் மேடை ஏற்றுவதற்கு, பகல் 1 மணியிலிருந்து 4 மணி வரை இறக்குவதற்கு. முன்பு இரண்டும் கலந்து நடந்ததால்தான் இரண்டு பக்கமும் காத்துக் கிடந்தார்கள். நானுஓயாப் பக்கமிருந்து வருபவர்கள் நேரத்தைப் பிடிக்க ரதல்லைக் குறுக்குப் பாதையில் விடாதீர்கள். 2023 ஜனவரி விபத்துக்குப் பிறகு அங்கே பாரவாகனங்களுக்குத் தடை. பொலிஸ் பிடித்தால் தாமதத்துக்கு அது காரணமாக எடுக்கப்படாது.

4 மணிக்குள் வராத தூள் மறுநாள் பட்டியலில் வராது. 4.30க்குப் பட்டியல் போய்விடும் என்று மேலே சொன்னேன், அதற்குக் காரணம் இதுதான். மழைநாளில் இறக்க வரும் சிறிய லொறிகளைக் கூரைக்குள் முழுதாக எடுக்கலாம், அதனால் பின்னேர மழை உங்களுக்கு அவ்வளவு பாதகமில்லை.

மண்சரிவு எச்சரிக்கை வந்தா என்ன? நாங்க வந்து நின்னா திருப்பி அனுப்புவீங்களா?

வருமுன்பே சொல்லப் பார்ப்போம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மூன்று நிறத்தில் வரும்: மஞ்சள், அம்பர், சிவப்பு. நாங்கள் பார்ப்பது கினிகத்தேனை உள்ள அம்பகமுவ, யட்டியந்தோட்டைப் பிரிவுகளை, ஏனென்றால் லொறி இறங்குவது அந்த வழியால். மஞ்சளுக்கு வழமை போல வேலை. அம்பர் என்றால் 9 மணி முறை நிறுத்தப்படும், முதல் இரண்டும் நடக்கும். சிவப்பு என்றால் மூன்றும் நிற்கும். இப்படி நின்றால் யாருக்கும் பதிவு விழாது, மீண்டும் திறக்கும் நாளில் அதே வரிசையில் முறை கிடைக்கும். ஏற்கெனவே வளவில் இருக்கும் லொறிக்கு இரவுத் தரிப்புத் தொகையும் உண்டு.

கேட்பார்கள்: நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை வழியாகக் கண்டி வீதிக்கு விடலாமே என்று. விடலாம், எங்கள் ஒபிஸ் எழுத்தில் சொன்னால் மட்டும். அந்த வழி நீளம், கடுகண்ணாவை இறக்கமும் இருக்கிறது. 2025 நவம்பரில் முதலில் பஹல கடுகண்ணாவையில் மண்சரிவு, சில நாளில் டித்வா புயல். ஒரு பாதை அடைபட்டால் மற்றது திறந்திருக்கும் என்ற நம்பிக்கை அப்போதே போய்விட்டது. வழியில் மாட்டிக்கொண்டால் முதலில் லொறியைப் பாறைச்சரிவுக்குக் கீழே இல்லாத இடத்தில் நிறுத்துங்கள், பிறகு எங்களுக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

11.55க்கு லோட் முடிஞ்சுது, சீல் வைக்கல. கேட்டப் பூட்டிட்டா என் லொறி என்ன செய்யும்?

வளவிலேயே நிற்கும், மறுநாள் காலை 5 மணிக்கு முதலாவதாக வெளியேறும். ஏற்றிய லோட்டை இறக்க மாட்டோம். கதவைப் பூட்டி, தற்காலிக சீல் வைத்து, சாரதியின் முன்னிலையில் இலக்கத்தை எழுதிவிடுவோம். காலையில் அதே இலக்கம் இருந்தால் நிரந்தர சீல் போட்டு அனுப்புவோம்.

தாமதம் யாரால் என்பதைப் பொறுத்து இரவுச் செலவு. நீங்கள் பிந்தி வந்ததால் என்றால் உங்களுடையது, எங்களால் என்றால் எங்களுடையது. "அஞ்சு நிமிஷம்தானே, கேட்டைத் திறங்க" என்று காவலாளியிடம் கேட்காதீர்கள். அவருக்குத் திறக்கும் அதிகாரம் இல்லை, எனக்கும் இல்லை.

போயாவுக்கு ஏத்துவீங்களா?

இல்லை. ஸ்டோர்களும் மூடியிருக்கும். போயாவுக்கு முதல் நாள் 9 மணி முறையும் கிடையாது, ஏனென்றால் அந்த லொறி மறுநாள் இறக்க முடியாமல் இரண்டு இரவு நிற்க வேண்டி வரும். தைப்பொங்கல், புத்தாண்டு, தீபாவளிக்கும் இதே ஏற்பாடு. அந்த வாரங்களில் முறை சீக்கிரம் நிறைந்துவிடும், இரண்டு நாள் முன்பே புக்கிங் எடுப்போம்.

மூணாம் முறைக்கு ராத்திரி எங்க நிறுத்துறது? லோட் களவு போனா என் தலையிலயா?

அவிசாவளைக்கு இந்தப் பக்கம் நிறுத்தாதீர்கள். மலையை முழுதாக இறங்கிவிடுங்கள். காவலாளியும் வெளிச்சமும் உள்ள லொறித் தரிப்பிடங்களின் பட்டியல் ஒன்று அனுப்புப் பத்திரத்தோடு தருவோம். அதில் ஒன்றில் நிறுத்தி, பற்றுச்சீட்டும் வாங்கி, சீல் தெரிகிற மாதிரி பின்கதவைப் படமெடுத்து இரவு 8 மணிக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அதற்குப் பிறகு நடக்கும் களவுக்கு எங்கள் காப்புறுதி பதில் சொல்லும்.

வீட்டு வாசலிலோ, தெரிந்த கடை முன்னாலோ நிறுத்தினால் பொறுப்பு உங்களுடையது, சீல் உடையாமல் இருந்தாலும். சாக்கு எண்ணிக்கை சரியாக இருந்து நிறை குறைந்தால் எப்படி என்றும் ஒருவர் கேட்டார். ஏற்றும்போது ஒவ்வொரு இன்வொய்ஸிலும் சில சாக்கை எடுத்துச் சாரதி முன்னால் தராசில் நிறுத்து, பத்திரத்தில் எழுதுகிறோம். ஸ்டோரிலும் நிறுப்பார்கள். சீல் இலக்கம் ஒன்றாக இருந்து சாக்கின் தையலும் பிரியாமல் இருந்தால், நிறை வித்தியாசத்தை நாங்களும் தொழிற்சாலையும் பேசிக்கொள்வோம், சாரதியிடம் கழிக்க மாட்டோம். தையல் பிரிந்த சாக்கு ஏதாவது ஏற்றும்போதே கண்ணில் பட்டால், மேடையிலேயே சொல்லிப் பத்திரத்தில் எழுத வையுங்கள். ஸ்டோரில் போய்ச் சொன்னால் எழுதுவதற்கு அங்கே இடமில்லை.